கொழும்பு மாநகர சபையில் கடைசிக் கையெழுத்து யாருடையது: முதல்வரா, ஆணையாளரா?

கவின்_கொட்டாஞ்சேனை

எங்கள் பகுதிக் குடியிருப்பாளர் சங்கத்துக்காக ஒரு விளக்கம் வேண்டும். ஒரு ஒழுங்கைக்கு வடிகான் கட்டித் தரும்படி கேட்கப் போகிறோம் என்று வையுங்கள். கடிதத்தை முதல்வருக்கு எழுதுவதா, மாநகர ஆணையாளருக்கு எழுதுவதா? "முதல்வர் சொன்னால் போதும்" என்கிறார் ஒருவர். "முதல்வர் வெட்டுவது நாடா மட்டும்தான், காசு ஆணையாளரிடம் இருக்கிறது" என்கிறார் இன்னொருவர். சட்டத்தில் என்ன இருக்கிறது, நடைமுறையில் என்ன நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுதர்சினி

இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. நிறைவேற்று அதிகாரம் ஆணையாளருக்கு. முதல்வர் சபைக்குத் தலைமை தாங்குவார், வெளிநாட்டுத் தூதுவர்களை வரவேற்பார். சென்னையைப் பாருங்கள். மாநகராட்சியை நடத்துவது ஆணையர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 2016 கடைசியிலிருந்து 2022 தேர்தல் வரைக்கும் மேயரும் இல்லை, கவுன்சிலர்களும் இல்லை. தனி அலுவலராக ஆணையரே எல்லாவற்றையும் பார்த்தார், நகரம் ஓடியது. கொழும்பிலும் அந்த அமைப்புத்தான்.

பழைய_கோப்பு

தங்கச்சி, சென்னையைப் பற்றிச் சொன்னது சரி. அதைக் கொழும்புக்குப் பொருத்தினதுதான் பிழை. இரண்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன மாநகர சபைகள் என்பதால் அமைப்பும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள்.

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம்தான் இங்கே அடிப்படை. அதில் பிரதம நிறைவேற்று அதிகாரி யார் என்று பார்த்தால், தெரிவு செய்யப்பட்ட முதல்வர். ஆணையாளர் இல்லை. சபைக்கு உரிய நிறைவேற்று வேலைகளைச் செய்கிற பொறுப்பு முதல்வரிடம் இருக்கிறது. அவர் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை எழுத்தில் ஆணையாளரிடம் கையளிக்கலாம். ஆணையாளர் முதல்வரின் பணிப்பின் கீழ், திணைக்களத் தலைவர்களை வைத்துக்கொண்டு அன்றாட வேலையை நடத்துகிறார். ஆக, சென்னையில் ஆணையரின் அதிகாரம் நேரே சட்டத்திலிருந்து வருகிறது. கொழும்பில் அதில் பெரும்பங்கு முதல்வரின் ஒரு கடிதத்திலிருந்து வருகிறது. அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் "இது ஆணையாளரின் வேலை", "இது முதல்வரின் வேலை" என்று யாருமே அடித்துச் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததில்லை. 1937க்கு முன்னர் சபைக்குத் தலைமை தாங்கியவர் அரசாங்க அதிகாரி. அந்த ஆண்டில்தான் உறுப்பினர்கள் தெரிந்த முதல்வர் வந்தார். முதலாவதாக வந்தவர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து, நம்மவர். அதிகாரியின் கையிலிருந்த கதிரையை மக்கள் பிரதிநிதியின் கைக்கு மாற்றியதுதான் அன்றைய சீர்திருத்தத்தின் சாரம்.

நசீர்_நானா

அப்படியெண்டா நாங்க போன முறை முதல்வருக்குப் போட்ட வோட்டு வீணில்லையே, அல்லாஹ் காப்பாத்தினான். நான் நினைச்சேன் அவங்களுக்கு அதிகாரமே இல்லையெண்டு.

பழைய_கோப்பு

நானா, முதல்வருக்கு நீங்கள் நேரடியாக வாக்குப் போடவில்லை. வட்டார வேட்பாளருக்கும் அவருடைய கட்சிக்கும் போட்டீர்கள். ஒரு கட்சிக்கு அரைவாசிக்கு மேல் ஆசனம் கிடைத்தால் முதல்வரை அந்தக் கட்சி பெயர் குறிக்கும். கிடைக்காவிட்டால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவார்கள். 2025 மே 6 தேர்தலில் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48 கிடைத்தது, பெரும்பான்மை இல்லை. அதனால் ஜூன் 16ஆம் திகதி நகர மண்டபத்தில் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. வ்ராய் கெலீ பல்தஸார் 61 வாக்கும் ரிஸா சரூக் 54 வாக்கும் பெற்றார்கள். கவினுடைய கேள்விக்கு இந்த எண்கள் முக்கியம், ஏன் என்று பிறகு வரும்.

சுதர்சினி

சென்னை அமைப்பைக் கொழும்புக்குப் பொருத்தினது பிழை என்று ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் 2023 மார்ச்சுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆணையாளர்தானே எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்டார்? பாதீடும் அவரே, கொடுப்பனவும் அவரே. அப்போ அதிகாரம் அவரிடம் இருந்ததென்றுதானே அர்த்தம்?

பழைய_கோப்பு

அது விதிவிலக்கான காலம். 2018இல் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் 19 நள்ளிரவோடு முடிந்தது. மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்த்தது. சபை இல்லாதபோது சபையின் அதிகாரமும் முதல்வரின் அதிகாரமும் சேர்ந்து ஆணையாளரிடம் வந்து விழும். நகர சபை, பிரதேச சபைகளில் செயலாளரிடம் விழும். ஒருவரே மூன்று கதிரையில் உட்கார்ந்த மாதிரி. தீர்மானிப்பவரும் அவர், நிறைவேற்றுபவரும் அவர், "ஏன் செய்தாய்" என்று கேட்க வேண்டிய சபையும் அவர்.

2025 ஜூனில் சபை கூடியதும் அந்த மூன்றும் திரும்பப் பிரிந்துவிட்டன. பழக்கம் அவ்வளவு வேகமாகப் பிரிவதில்லை. எழுதுவினைஞரிலிருந்து பொறியியலாளர் வரைக்கும் கோப்பை ஆணையாளரின் மேசைக்கே அனுப்பிப் பழகியிருப்பார்கள். புது முதல்வர் தன் கையளிப்புக் கட்டளையைத் திருத்தி எழுதாவிட்டால், "முன்பு அவர்தானே கையெழுத்திட்டார்" என்று கோப்பு அதே வழியில் ஓடும். பிறகு யாராவது வழக்குப் போட்டால், கையெழுத்திட்டவருக்கு அந்தத் தினத்தில் அதிகாரம் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வியாக நிற்கும்.

நசீர்_நானா

நம்ம ஊட்டுப் பிரச்சினையையும் கேட்டுக்கொள்றேன். கொழும்புக்குள்ள இல்ல, புறநகர்ல ஒரு நகர சபை. வீட்டுக்கு மேல் மாடி எடுக்க வரைபடம் குடுத்தம். தவிசாளர் "பிரச்சினையில்ல, செய்யலாம்" எண்டு சொன்னார். திட்டமிடல் குழு பின்பக்க இடைவெளி போதாதெண்டு திருப்பிட்டாங்க. தவிசாளரும் நிறைவேற்று அதிகாரி எண்டா அவர் சொன்னா செல்லாதா?

பழைய_கோப்பு

செல்லாது நானா. அந்த அதிகாரம் தவிசாளரிடமிருந்து வந்ததில்லை. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடங்களில் கட்டட அனுமதி, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதிகார சபை தன் திட்டமிடல் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றத்தின் ஒரு அலுவலருக்குக் கையளிக்கலாம் என்று அதில் இருக்கிறது. கொழும்பிலும் இதே நிலைதான். கட்டடக் கோப்பில் கையெழுத்திடுகிறவர் சபையில் சம்பளம் வாங்குகிறார், ஆனால் அந்தக் கையெழுத்தின் பலம் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. முதல்வரோ தவிசாளரோ அதை மாற்றி எழுத முடியாது.

உணவுச் சட்டமும் அப்படித்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கெட்டுப்போன உணவைக் கைப்பற்றி நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டு போவது 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் தனக்குத் தந்த அதிகாரத்தால். "வழக்கை விடு" என்று முதல்வர் சொல்வாரென்றால் அது பணிப்பு இல்லை, தலையீடு.

உங்கள் விடயத்தில், திருப்பி அனுப்பிய கடிதத்தில் எந்த ஒழுங்குவிதி, எத்தனை அடி குறைகிறது என்று எழுதியிருக்க வேண்டும். அதை வைத்து வரைபடத்தைத் திருத்துங்கள். தவிசாளரின் பின்னால் ஓடி ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள்.

யோகன்_தொ_அ

தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கவினின் வடிகானை அப்படியே எடுத்துப் பார்ப்போம், யார் எங்கே வருகிறார் என்று தானாகத் தெரியும். எண்கள் உதாரணத்துக்குத்தான்: 120 மீற்றர் நீளம், 40 இலட்சம் ரூபா.

கடிதம் முதல்வரிடம் போகிறது. அவர் ஓரத்தில் "ஆவன செய்யவும்" என்று எழுதி ஆணையாளருக்கு அனுப்புகிறார். பலர் இதையே அனுமதி என்று நினைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அது அனுமதி இல்லை, பாருங்கள் என்ற பணிப்பு. அந்த வரியில் ஒரு ரூபாவும் இல்லை. ஆணையாளர் அதைப் பொறியியல் பிரிவுக்கு அனுப்புவார். அங்கிருந்து ஆள் வந்து முதலில் பார்ப்பது வடிகானை இல்லை, அது போய்ச் சேரும் இடத்தை. ஒழுங்கை சபையுடையதா, தண்ணீர் விழும் பெரிய வீதியின் வடிகான் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதா, அதற்கப்பால் உள்ள கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துடையதா? கீழே போகும் வழி அடைத்திருந்தால் மேலே 120 மீற்றர் புதிதாகக் கட்டினாலும் தண்ணீர் வாசலில்தான் நிற்கும். அப்படியென்றால் முதல்வரும் ஆணையாளரும் ஒரே நாளில் கையெழுத்திட்டாலும் பயனில்லை. மற்ற நிறுவனத்துக்குத்தான் முதலில் எழுத வேண்டும். முதல்வரின் குரல் உண்மையிலேயே வேலை செய்கிற இடம் இதுதான். இன்னொரு நிறுவனத்தின் தலைவரை மேசைக்கு அழைக்க ஆணையாளரை விட முதல்வரால் எளிதில் முடியும்.

வழி சரியென்றால் மதிப்பீடு போடுவார்கள். தோண்டல், அடிக் கொங்கிறீற்று, பக்கச் சுவர், மூடு பலகை எல்லாம் வரும். வழக்கமாக விடுபடுவது மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர்க் குழாயையும் தொலைபேசிக் கம்பியையும் மாற்றுகிற செலவு, பிறகு வெட்டிய வீதியைத் திரும்பப் போடுகிற செலவு. பழைய கொழும்பு ஒழுங்கைகளில் எது எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தை நம்பவே முடியாது, இரண்டு மூன்று இடத்தில் சோதனைக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் 40 இலட்சம் என்று எழுதிவிட்டால், வேலை தொடங்கிய பிறகு இன்னும் 6 இலட்சம் கேட்கும்.

அடுத்தது காசு. பாதீட்டில் இந்த வேலைக்கான தலைப்பு இருக்கிறதா, மீதி எவ்வளவு என்று பொருளாளர் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் விலைமனு, தொழில்நுட்ப மதிப்பீடு, பெறுகைக் குழு, ஒப்பந்தம். 2025 ஜனவரியிலிருந்து தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டிகள் நடைமுறையில் இருக்கின்றன. எந்தத் தொகைக்கு எந்தக் குழு என்பது அவற்றின்படி. ஒப்பந்தக்காரரைத் தெரிவு செய்கிற வேலையில் முதல்வருக்கும் உறுப்பினருக்கும் தனிப்பட்ட இடமில்லை.

இப்போது அந்த 6 இலட்சத்துக்கு வாருங்கள். தலைப்பில் இருந்தது 40, தேவை 46. இந்த இடத்தில் மூன்று பேரும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும். ஆணையாளரின் பக்கம், ஏன் கூடியது என்ற பொறியியலாளரின் அறிக்கையை வாங்கி, எந்தத் தலைப்பில் மிச்சம் இருக்கிறதென்று காட்ட வேண்டும். முதல்வர் அதை நிதிக் குழுவுக்கும் சபைக்கும் கொண்டு போக வேண்டும். சபை ஒதுக்கீட்டை மாற்றி அனுமதிக்க வேண்டும். முதல்வர் தனியே "தொடருங்கள், பிறகு பார்ப்போம்" என்று வாயால் சொல்லி ஒப்பந்தக்காரர் முடித்துவிட்டால், வடிகான் இருக்கும், பட்டியல் கிடக்கும். பொருளாளர் மறுப்பார், அவர் மறுப்பதுதான் சரி. கணக்காய்வில் கேள்வி வரும்போது வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது, வேலையைத் தொடங்கக் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயர் மட்டும் இருக்கும்.

கவின்_கொட்டாஞ்சேனை

மிக்க நன்றி யோகன் அண்ணா. ஒரு சந்தேகம். 46 இலட்சத்தை 23, 23 என்று இரண்டு வேலையாகப் போட்டால் சின்னக் குழுவிலேயே முடிந்துவிடாதா? வேகமாக நடக்குமே. எங்கள் வட்டார உறுப்பினரும் அப்படித்தான் யோசனை சொன்னார்.

யோகன்_தொ_அ

தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள் தம்பி. குழுவின் எல்லைக்குக் கீழே கொண்டுவருவதற்காக ஒரு வேலையைத் துண்டு போடுவது பெறுகை விதிக்கு விரோதம். கணக்காய்வாளர் முதலில் தேடுவதும் அதைத்தான். கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. ஒரே ஒழுங்கை, "முதலாம் பகுதி", "இரண்டாம் பகுதி", கிட்டத்தட்ட ஒரே திகதி, இரண்டு மதிப்பீடும் எல்லைக்குச் சற்றுக் கீழே. அப்படி இரண்டு கோப்பு ஒன்றாக வந்தால் போதும்.

உண்மையாகவே இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டிய காரணம் இருந்தால், உதாரணமாக வெளியேறும் வழியை இந்த வருடமும் ஒழுங்கை வடிகானை அடுத்த வருடமும் செய்வதென்றால், அதைக் காரணத்தோடு எழுதி முழுத் தொகைக்கு உரிய குழுவிடமே அனுமதி எடுக்கலாம். ஆனால் டிசம்பர் 31 ஞாபகம் இருக்கட்டும். பாதீடு ஒரு வருடத்துக்கு. செலவழியாத ஒதுக்கீடு தானாக ஜனவரிக்குத் தாவாது, அடுத்த பாதீட்டில் திரும்ப இடம்பெற வேண்டும். ஒக்டோபரில் விலைமனுக் கேட்கிற வேலைகள் பாதியில் நிற்பது இதனால்தான்.

மதுரா_கிருலப்பனை

எல்லோரும் முதல்வர், ஆணையாளர் என்று இருவரைப் பற்றியே பேசுகிறீர்கள். யோகன் மட்டும் சபையைத் தொட்டார். காசு விடயத்தில் கடைசிச் சொல் இருவருடையதும் இல்லை, 117 பேருடையது. 2026 பாதீட்டைப் பாருங்கள். அதிகாரிகள் தொகுத்தார்கள், முதல்வர் முன்வைத்தார், 2025 டிசம்பர் 22 வாக்கெடுப்பில் ஆதரவு 57, எதிர்ப்பு 60. தோற்றது. ஜூனில் 61 பேர் தெரிந்த முதல்வருக்கு டிசம்பரில் 57 பேர். முதல்வர்தான் பிரதம நிறைவேற்று அதிகாரி என்றாலும் நிறைவேற்றக் காசு வேண்டுமே. பிறகு 31ஆம் திகதி திரும்ப முன்வைத்து மிகச் சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது.

ரமணன்_பம்பலப்பிட்டி

பாதீடு தோற்றால் முதல்வர் பதவி விலக வேண்டும் என்பதுதானே சட்டம்? 22ஆம் திகதியே போயிருக்க வேண்டும். ஒன்பது நாள் இருந்ததே பிழை.

பழைய_கோப்பு

தம்பி ரமணன், நீங்கள் சொல்வதில் பாதி இருக்கிறது. முதல் தோல்வியோடு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. திரும்ப முன்வைக்கச் சட்டமே இடம் தருகிறது, டிசம்பரில் நடந்ததும் அதுதான். இரண்டாவது முறையும் தோற்றால் என்ன என்பது, பதவிக்காலத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2012ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் அதை மாற்றியது. முதல் இரண்டு ஆண்டுகளில் முதல்வர் அந்தப் பாதீட்டோடு தொடரலாம். கடைசி இரண்டு ஆண்டுகளில் இரண்டாவது தோல்வி பதவியைக் கொண்டுபோகும்.

இதில் ஆணையாளருக்கு வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். தோற்ற பாதீட்டுக்கும் திரும்ப வந்த பாதீட்டுக்கும் இடையில், எந்தத் தலைப்பை எவ்வளவு அசைத்தால் நகரத்தின் அன்றாட வேலை நிற்காது என்று கணக்குப் போடக்கூடியவர்கள் ஆணையாளரும் பொருளாளரும்தான். சம்பளத் தலைப்பைத் தொட முடியாது. குப்பை அகற்றலைத் தொட்டால் மூன்றாம் நாள் தெருவில் தெரியும். அசைக்கக்கூடிய இடம் பெரும்பாலும் புது மூலதன வேலைகள். அதாவது கவினின் வடிகான் மாதிரியானவை. உறுப்பினர்களின் வாக்கைச் சேர்ப்பது முதல்வரின் அரசியல் வேலை, அதில் அதிகாரி இறங்கக்கூடாது. உண்மையான எண்ணை எல்லா உறுப்பினருக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பது அதிகாரியின் வேலை, அதை முதல்வர் தடுக்கக்கூடாது.

சுதர்சினி

அப்போ எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. முதல்வர் பிரதம நிறைவேற்று அதிகாரி என்றால், தனக்குக் கீழே வேலை செய்கிற ஆணையாளரை அவரே தெரிவு செய்யவோ மாற்றவோ முடியுமா?

பழைய_கோப்பு

முடியாது. உள்ளூராட்சி 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்துக்குப் போன விடயம். ஆணையாளரின் நியமனமும் இடமாற்றமும் மாகாண நிர்வாகத்தின் வழியாக நடப்பவை. முதல்வர் முறையிடலாம், கேட்கலாம், உத்தரவிட முடியாது. முதல்வரிடம் இருக்கிற ஒரே நேரடிக் கருவி, கையளித்த அதிகாரத்தைத் திரும்ப எடுப்பது. அதையும் எழுத்தில் செய்ய வேண்டும். எடுத்தால் அந்தக் கோப்புகள் எல்லாம் தன் மேசைக்கே வரும், ஒரு மாதத்தில் மேசை தெரியாது. அதனால் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள்.

மதுரா_கிருலப்பனை

இதுதான் நோயின் வேர் என்பது என் கருத்து. பொறுப்பு ஒருவரிடம், அந்தப் பொறுப்பை நிறைவேற்றுகிற ஆளைத் தெரிவு செய்கிற உரிமை இன்னொருவரிடம். ஆணையாளரைச் சபை நேர்முகம் வைத்து, ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும். பிழைத்தால் சபையே நிறுத்த வேண்டும்.

யோகன்_தொ_அ

எனக்கு அதில் பயம் இருக்கிறது அக்கா. 61க்கு 54 என்று நிற்கிற சபையில், நாலைந்து பேர் பக்கம் மாறினால் ஆணையாளரும் போவார். அப்படியான ஆணையாளர் 46 இலட்சக் கோப்பில் "முடியாது" என்று எழுதுவாரா? வெளியிலிருந்து நியமனம் வருவதால்தான் சில பேனாக்கள் நிமிர்ந்து நிற்கின்றன.

மதுரா_கிருலப்பனை

சில பேனாக்கள் நிமிர்ந்து நிற்கின்றன, சில கோப்புகள் ஆறு மாதம் படுத்தும் கிடக்கின்றன. இரண்டாவதுக்கு இன்று யாரும் பதில் சொல்வதில்லை. ஆணையாளர் தாமதித்தால் மக்கள் திட்டுவது முதல்வரைத்தான்.

பழைய_கோப்பு

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எனக்கும் இதில் முடிவான விடை இல்லை. சபை ஆணையாளரை எடுப்பதானால், நீக்குவதற்கு மூன்றில் இரண்டு வாக்காவது வேண்டும் என்று வைக்காமல் தொடங்கவே கூடாது என்பது மட்டும் என் எண்ணம்.

கவின்_கொட்டாஞ்சேனை

சங்கத்துக்கு இப்படி எழுதிவைத்திருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். கடிதம் முதல்வருக்கு, பிரதி ஆணையாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும். இரண்டு மாதத்தில் அசைவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். "எங்கள் வடிகான் ஏன் தாமதம், யார் பொறுப்பு?" என்று கேட்போம்.

பழைய_கோப்பு

கேள்வியை மாற்றுங்கள் தம்பி. "ஏன்", "யார்" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். இந்த வகை வேலைக்கு இன்று நடைமுறையில் உள்ள அதிகாரக் கையளிப்புக் கட்டளையின் பிரதியும் அதன் திகதியும். இந்த வேலைக்கான மதிப்பீட்டின் பிரதி. எந்தப் பாதீட்டுத் தலைப்பு, இன்றைய மீதி எவ்வளவு. சபைக்குப் போயிருந்தால் தீர்மானத்தின் இலக்கமும் திகதியும். இந்த நான்கும் போதும். நான்கில் எது இல்லையோ, கோப்பு அங்கேதான் நிற்கிறது. மதிப்பீடு இல்லையென்றால் பொறியியல் பிரிவில், மீதி இல்லையென்றால் சபையில், கட்டளையே இல்லையென்றால் முதல்வரின் அறையில்.

பதிலுக்கு 14 வேலை நாட்கள். காரணம் காட்டி இன்னும் 21 நாள் நீடிக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் பிறகு ஆணைக்குழு. விண்ணப்பத்துக்குக் கிடைத்ததற்கான சீட்டை வாங்கித் திகதியோடு வைத்திருங்கள். நாளை எண்ணுவது அதிலிருந்துதான்.

யோகன்_தொ_அ

நான் இன்னொன்று சேர்க்கிறேன். முதல் கடிதத்தோடேயே தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று ஒரு கைவரைபடமும், மழை விட்ட பிறகு ஒரு மணி, மூன்று மணி நேரத்தில் எடுத்த இரண்டு படமும் இணையுங்கள். ஒரு மணியில் நின்ற தண்ணீர் மூன்று மணியிலும் அசையாமல் இருந்தால் கீழே வழி அடைப்பு. மெல்ல வடிந்திருந்தால் வடிகானின் அளவு போதாது. அப்போது எந்த நிறுவனத்துக்குக் கோப்பு போக வேண்டும் என்று முதல் பார்வையிலேயே பொறியியலாளருக்குத் தெரிந்துவிடும்.

நசீர்_நானா

யோகன் தம்பி, அந்தப் படத்தை நம்ம நகர சபைக்குக் குடுத்தாலும் எடுப்பாங்களா? நம்ம ரோட்டுலயும் தண்ணி நிக்கிது.

யோகன்_தொ_அ

எடுப்பார்கள் நானா. நகர சபையில் ஆணையாளர் இல்லை, செயலாளர். கடிதத்தைத் தவிசாளருக்கு எழுதி, பிரதியைச் செயலாளருக்குப் போடுங்கள். மற்றதெல்லாம் அதே வழி.